இடமிருந்து வலமாக...
(பிரியாவிடைப் படங்களின் கீழே எழுதியவையும் எழுதாமல் விட்டவையும்)



மலர்க்குழுவிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க வரலாறு படிச்சவரு. பழைய குரூப் போட்டோ எல்லாம் வந்து குவிஞ்சு கிடக்கு. வரிசைப்படுத்திக் கொடுங்க" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த நாளே இறுதியாண்டு மாணவி ஒருவர் வந்து வேறு ஒரு கேள்வி கேட்டார். "சார், எங்க கடைசி நாள் போட்டோவுக்குக் கீழே என்ன எழுதலாம்? அழுகாச்சியா இருக்கக் கூடாது. ஆனா பாசமா இருக்கணும்."

இரண்டும் ஒரே வேலைதான் என்பது மூன்று வாரம் அந்தப் படங்களோடு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்டை. நம் காலத்துப் படம் எதுவும் தனியாக வராது. சாம்பல் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ ஒரு கனத்த அட்டை, நடுவில் படம், மேலே கல்லூரியின் பெயரும் ஊரும் மாவட்டமும், கீழே பெயர் வரிசை. ஸ்டுடியோக்காரர் படத்தைக் கழுவித் தருவார். அட்டையை அச்சகத்தில் கொடுத்துப் பெயர்களை ஈய எழுத்தில் கோத்து அச்சடிப்பார்கள். "அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலமாக" என்று தொடங்கும். பிறகு "தரையில்", "நிற்பவர்கள் முதல் வரிசை", "இரண்டாம் வரிசை". ஆங்கில மோகம் இருந்த ஆண்டுகளில் "ஸ்டேண்டிங், லெப்ட் டு ரைட்" என்று போட்டிருக்கும். இவ்வளவுதான் அந்தக் காலத்துப் படக்குறிப்பு. பாசம், பிரிவு, நட்பு என்று ஒரு சொல்லும் அதில் இருக்காது. ஆனாலும் இத்தனை ஆண்டு கழித்து அட்டையை எடுப்பவர்கள் முதலில் விரலை வைத்துத் தேடுவது அந்த வறண்ட வரிசையில்தான்.

எங்கள் படம் 1989 ஏப்ரலில் எடுத்தது. அட்டையில் "திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டம்" என்று இருக்கும். அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி மாவட்டம் பிரிந்தது. எங்களுக்கு அடுத்த செட் பசங்களின் அட்டையில் "திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்". 1997இல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டதால், அதற்குப் பிறகு வந்த அட்டைகளில் வெறும் "திருவண்ணாமலை மாவட்டம்". ஆண்டு போட மறந்த அட்டைகள் எங்களுக்கு நிறைய வந்தன. தேதி தெரியாத படத்தை மாவட்டத்தின் பெயரை வைத்தே மூன்று குவியலாகப் பிரித்துவிட்டேன். படத்தைப் பார்க்கவே இல்லை, குறிப்பை மட்டும்தான் படித்தேன்.

அதற்கும் முந்தைய படங்களுக்கு நம் ஊர்ப் பெயரே கைகொடுத்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது நினைவிருக்கும். பெரியார் 1935 முதலே தம் ஏட்டில் பயன்படுத்திவந்த வடிவங்கள்தான். ணா, றா, னா ஆகியவற்றுக்கு இருந்த சுழித்த வடிவம் போய்த் தனிக் கால் வந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும், அதுவும் போயிற்று. "திருவண்ணாமலை" என்று எழுதிப் பாருங்கள். மாறிய எழுத்துகளில் இரண்டு, ணாவும் லையும், ஊர்ப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன! வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த வசதி எளிதில் கிடைக்காது. அட்டையில் தும்பிக்கை லை இருந்தால் அது பழைய படம் என்று ஊகிக்கலாம். ஊகிக்கத்தான் முடியும், உறுதியாகச் சொல்லக் கூடாது. சின்ன அச்சகங்கள் காசு கொடுத்து வாங்கிய ஈய எழுத்தை அரசாணை வந்த மறுநாளே உருக்கிவிடவில்லை, தேயும் வரை ஓட்டினார்கள். ஆகவே பழைய வடிவம் இருந்தால் "1978க்கு முன்னால் இருக்கலாம்" என்றும், புதிய வடிவம் இருந்தால் "பெரும்பாலும் அதற்குப் பின்னால்" என்றும் பென்சிலால் குறித்துவைத்தேன்.

இனி, தப்புகளுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குப் பாதி நேரம் போனது.

பெயர் வரிசையில் வரும் தப்புகளில் பெரியது, யாருடைய இடது என்பதுதான். படத்தைப் பார்ப்பவரின் இடதுதான் கணக்கு. ஆனால் பட்டியல் எழுதும் மாணவன் பெஞ்சு மேலே நின்றவன். அவன் மனதில் இருப்பது அவனுடைய இடது. அவன் நினைவிலிருந்து எழுதினால் வரிசை முழுக்கத் தலைகீழாகிவிடும். போட்டோகிராபரும் உதவ மாட்டார். ஏனென்றால் அந்தக் காலத்துக் காமிராவில் அவருக்கே எல்லாம் மாறித்தான் தெரியும். முக்காலியில் வைத்துக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கும் பெரிய காமிராவில் நாம் எல்லோரும் தலைகீழாகத் தொங்குவோம். எங்களை எடுத்தவர் வைத்திருந்தது மார்புக்கு நேரே வைத்து மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் காமிரா. அதில் ஆள் நேராகத் தெரிவார், ஆனால் இடது வலது மாறித் தெரியும். அவர் "இந்தப் பக்கம் நகருங்க, இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனதும், நாங்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து அவரைக் கோபப்படுத்தியதும் இப்போதுதான் காரணத்தோடு புரிகிறது. பாவம் மனுஷன்!

இன்னொரு தப்பு, படமே திரும்பிப் போவது. நெகட்டிவைப் பிரதி எடுக்கும்போது மறுபக்கமாக வைத்துவிட்டால் அச்சில் இடது வலது மாறிவிடும். எங்களுக்கு முந்தைய செட் அண்ணன் ஒருவர் அனுப்பிய படத்தில் இப்படித்தான் இருந்தது. அட்டையில் முதல்வருக்கு வலப்பக்கம் போட்டிருந்த பேராசிரியர் படத்தில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பட்டியல் தப்பா, படம் தப்பா? விளைவு இரண்டுக்கும் ஒன்றுதானே!

இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது சட்டைப் பை. நம் ஊர்ச் சட்டையில் பை இடது மார்பில்தான் தைப்பார்கள். எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது வலப்பக்கம் தெரிய வேண்டும். அண்ணன் அனுப்பிய படத்தில் எல்லோருடைய பையும் நமக்கு இடப்பக்கம் தெரிந்தது. சேலை கட்டிய மாணவிகளின் முந்தானை இடது தோளில் விழ வேண்டியது வலது தோளில் விழுந்திருந்தது. கைக்கடிகாரங்களும் அப்படியே. ஒரே ஒருவர் என்றால் இடக்கை பழக்கம் என்று விட்டுவிடலாம், வடக்கத்திப் பாணியில் சேலை கட்டியவர் என்று சொல்லலாம். முப்பது பேரும் ஒரே நாளில் மாறிக் கட்டியிருக்க முடியுமா? ஆகவே படம்தான் திரும்பியிருக்கிறது, பட்டியல் சரி. பைகளெல்லாம் சரியான பக்கத்தில் இருந்து பெயர்கள் மட்டும் மாறியிருந்தால் பட்டியல் எழுதியவரின் தப்பு. இந்தச் சின்னச் சோதனையைத் தம்பி தங்கைகளும் வைத்துக்கொள்ளுங்கள். போனின் முன்பக்கக் காமிராவில் எடுக்கும் படங்களைச் சில போன்கள் கண்ணாடி போலத் திருப்பியே சேமிக்கின்றன. பின்னால் இருக்கும் பேனர் எழுத்தையோ சட்டைப் பையையோ பார்த்துவிட்டு அப்புறம் "இடமிருந்து வலமாக" எழுதுங்கள்.

எண்ணிக்கையிலும் வேடிக்கைகள் உண்டு. 1904இல் அமெரிக்காவில் ஒரு சுழலும் காமிரா வந்தது. நீளமான வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திரும்பிக்கொண்டே படம் எடுக்கும். குறும்புக்கார மாணவன் இடது கோடியில் நின்றுவிட்டு, காமிரா அவனைத் தாண்டியதும் பின்னாலேயே ஓடி வலது கோடிக்கு வந்து மறுபடி நிற்பான். படத்தில் இரண்டு இடத்திலும் அவன் சிரிப்பான்! அப்படிப்பட்ட படத்துக்குப் பட்டியல் எழுதினால் ஒரே பெயரை இரண்டு முறை எழுத வேண்டும். நம் ஊரில் அதற்குச் சுழல் காமிரா தேவையில்லை. எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று அண்ணாமலை. தலைப்பெழுத்துதான் வேறு. அச்சுக் கோப்பவர் "ஒரே பேரு ரெண்டு தடவை வந்துடுச்சு" என்று ஒன்றை எடுத்துவிட்ட கதை எந்தக் கல்லூரியிலும் கேட்கலாம். அந்த ஒரு பெயர் விழுந்தால் அதற்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு இடம் தள்ளிப்போய், கடைசி ஆள் பெயரில்லாமல் நிற்பார்.

எங்கள் படத்தைச் சரிபார்த்தபோது எனக்கு வந்த முதல் சந்தேகமும் அதுதான். தலைகளை எண்ணினேன். நாற்காலியில் 9 பேர், தரையில் 8 பேர், நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் மாணவிகள் 14, பெஞ்சு வரிசையில் 16. மொத்தம் 47. அட்டையில் பெயர்களை எண்ணினேன். 46. பெஞ்சு வரிசைக்கு 15 பெயர்தான்.

"அண்ணாமலை ஒண்ணு விழுந்துட்டான்டா" என்று நண்பருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு அண்ணாமலை. "நான் தரையில உக்காந்தேன், என் பேரு இருக்கு. மத்த ரெண்டு பேரையும் பாரு" என்றார். பார்த்தேன். பெஞ்சு வரிசையில் இரண்டு அண்ணாமலையும் ஒழுங்காக இருந்தார்கள்.

அப்புறம் முறையாகவே இறங்கினேன். படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்துத் தலைகளின் உருவரையை மட்டும் மென்மையான பென்சிலால் வரைந்துகொண்டேன். ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒரு எண். அட்டையில் இருக்கும் வரிசையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அச்சிட்ட பெயர் நம் கண்ணை ஏமாற்றிவிடும். வரைந்த தாளின் நகலை ஆறு பேருக்கு அனுப்பி, "உங்களையும் உங்க ரெண்டு பக்கத்துல நின்னவங்களையும் மட்டும் எழுதுங்க. மத்தவங்களை எழுத வேண்டாம்" என்று கேட்டேன். நினைவு நம்மைச் சுற்றி ஒரு முழத்துக்குத்தான் உறுதியாக இருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் கதை கட்டத் தொடங்கிவிடுவோம். ஆறு பேர் எழுதியதில் பெஞ்சு வரிசையின் 2, 6, 11, 14 ஆகிய இடங்கள் சந்தேகமில்லாமல் உறுதியாயின. அந்த நான்கும் அச்சிட்ட வரிசையோடு அப்படியே பொருந்தின. நடுவில் யாரும் விழவில்லை என்று தெரிந்தது. 15ஆவது ஆள் தானே வந்து "நான்தான்" என்றார். மிச்சம் 16. வலது ஓரம்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அந்தத் தலை மற்றவர்களைவிட அரை அடி தாழ்ந்திருந்தது. பெஞ்சின் மேல் ஏறவில்லை, பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் நிற்கிறார். ஒரு கை கீழே எதையோ பிடித்திருக்கிறது. காக்கிச் சட்டை. எங்களுக்கு மூன்று வருஷம் மணி அடித்த அண்ணன்!

அவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிறேன். நடுவில் அட்டையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போக வேண்டும். அந்தத் தங்கை கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முன்பக்கம் அச்சகத்துக்கு, பின்பக்கம் எங்களுக்கு. படம் கைக்கு வந்ததும் ஆளாளுக்கு மாற்றி வாங்கிப் பின்னால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஆட்டோகிராப் புத்தகம் வாங்கக் காசில்லாதவர்களுக்கு அட்டையின் முதுகுதான் ஆட்டோகிராப். வந்து குவிந்த படங்களில் ஏறக்குறைய நூறு முதுகுகளைப் படித்தேன். ஆண்டுக்கு ஆண்டு மாறும் மோஸ்தர் அதிலும் தெரிகிறது. பழைய செட்களில் 1963இல் வந்த "இரத்தத் திலகம்" படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய கல்லூரிப் பிரிவுப் பாட்டின் முதல் வரி, கிட்டத்தட்ட ஒரு அரசு முத்திரை போல ஒவ்வொரு அட்டையிலும். 1996இல் "காதல் தேசம்" வந்த பிறகு அந்தப் படத்து நட்புப் பாட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நடுவில் கடல், அலை, கண்ணீர், கல்லறை என்று மரபுக் கவிதையும் புதுக்கவிதையும். இருபது வயதில் கல்லறையைப் பற்றி அவ்வளவு ஆர்வம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை!

எழுதிய ஆட்களையே கூப்பிட்டு அவற்றைப் படித்துக் காட்டினேன். கல்லறைக் கவிதை எழுதியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துவிட்டு, "நானா எழுதினேன்?" என்றார்கள். யாருக்கு எழுதினோம் என்பதுகூட அவர்களுக்கு நினைவில்லை. அதே வரியைப் பத்து அட்டையில் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு அட்டையில் "டீக்கடைப் பாக்கி ரூ. 11.50. பாதி உன்னுது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எழுதியவருக்கு அந்தக் கடையின் பெஞ்சு, மழை நாள், கடைக்காரர் சாக்பீஸால் கதவில் போட்ட கணக்கு எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. இன்னொன்று: "கண்ணை மூடியிருக்கேன், தூக்கமில்லை. வெயில்!" ஏப்ரல் மாதம் பதினொரு மணிக்கு மலையைப் பார்த்தபடி நிறுத்தினால் யார்தான் கண்ணைத் திறப்பார்கள்? அந்த ஒரு வரியில் நாளும் நேரமும் நின்ற திசையும் வந்துவிட்டன. மூன்றாவது ஒருவர், வகுப்பில் தன் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு எழுதியது: "வருகைப் பதிவில் உனக்காக நான் சொன்ன 'உள்ளேன் ஐயா' மொத்தம் 23. திருப்பித் தரவும்."

இவற்றில் எங்கேயும் பாசம் என்ற சொல் இல்லை, பிரிவு என்ற சொல்லும் இல்லை. அழுகையும் வரவில்லை. ஆனால் வேறு யாருக்கும் இந்த வரியை எழுத முடியாது. அந்தத் தங்கைக்கு நான் சொன்னதும் இதுதான்: பத்துப் பேருக்கு எழுதக்கூடிய வரி என்றால் எழுதாதே. ஒருவருக்கு மட்டும் எழுதக்கூடிய வரி வரும் வரை யோசி. இடம், பொருள், தொகை, நேரம், இதில் ஏதாவது ஒன்று அதில் இருக்கட்டும்.

எங்கள் வகுப்பு முழுமைக்கும் பொதுவாக ஒரு வரி வேண்டும் என்று அன்று வந்த யோசனைகளில் எனக்குப் பிடித்தது கிரிவலத்தை வைத்து ஒரு தோழி சொன்னது. அப்போது பௌர்ணமிக்கு இன்றைக்கு வருகிற மாதிரிக் கூட்டம் வராது. நாங்கள் பாதிப் பேர் பரீட்சைக்கு முன்னால் நடப்பவர்கள். அவர் சொன்னார்: "பதினாலு கிலோமீட்டர் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்குத்தானே வரப் போறோம். அப்புறம் என்ன டாட்டா?" அட்டையில் அச்சடிக்க இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் வருத்தம். மலையைச் சுற்றும் ஊரில் படித்தவர்கள்தான் இந்த வரியை எழுத முடியும்.

வரி நன்றாக இருந்தால் போதாது, நிற்கவும் வேண்டும். முதுகில் பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதியவர்களின் பாசம் படத்தின் முன்பக்கம் வரை வந்துவிட்டது. அட்டை ஒட்டாத தனிப் படங்களில் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் முதல்வரின் நெற்றியில் "என்றும் உன்" என்று மேடாகத் தெரிகிறது! பழைய படத்தாள் காகிதம் மாதிரி மையை உறிஞ்சும். பின்னால் வந்த கலர்ப் படத்தாளின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் மை உடனே காயாது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் படத்தின் முதுகில் எழுதியது கீழ்ப் படத்தில் இருப்பவரின் முகத்தில் அச்சாகிவிடும். தனிப் படம் என்றால் கண்ணாடி மேசை மாதிரி கெட்டியான இடத்தில் கவிழ்த்துவைத்து, மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். அட்டை இருந்தால் பேனாவால் அட்டையில் எழுதுங்கள், படத்தில் வேண்டாம். போன் படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை இருக்கிறது. படத்துக்குக் கீழே தட்டச்சு செய்த வரி அடுத்தவர் சேமித்து இன்னொருவருக்கு அனுப்பும்போது உதிர்ந்துவிடுகிறது. படம் மட்டும் ஊர் சுற்றும், பெயர் கூட வராது. ஆகவே பெயர் வரிசையைப் படத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளைப் பட்டை விட்டு அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள். பத்துப் பிரதியாவது காகிதத்தில் எடுத்துவையுங்கள்.

பெயர் உதிர்ந்த படம் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த பழைய படங்களைத் தேடி நகலெடுத்தார்கள். நகையும் பட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்த தாத்தா பாட்டிகள்தான் எல்லாம். உடை தெரிகிறது, திரைச்சீலை தெரிகிறது. முதுகில் எழுதியிருந்தால்தான் ஆள் யார் என்று தெரியும்.

குறிப்பின் அருமை தெரிந்த ஒருவர் நம் ஊருக்கே வந்து போயிருக்கிறார். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்த்தியே பிரெசோன். மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டுறவை 1947இல் நண்பர்களோடு தொடங்கியவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளை அவர் சுடப்படுவதற்குச் சற்று முன்பு சந்தித்தவர். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்த நாட்களில் அவர் இங்கே ஆசிரமத்தில் இருந்தார். ஏப்ரல் 14 இரவு வானத்தில் ஒளி வால் நீண்ட ஒரு நட்சத்திரம் மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுதான். மணி 8.47. ரமணர் மறைந்த நேரமும் அதுவே. அதன் பொருளைப் பற்றி அவரவர் நம்பிக்கைப்படி பேசிக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கடிகாரப் பார்வை. படத்தில் எடுக்க முடியாத ஒன்றுக்கும் நேரத்தைக் குறித்துவைக்கிற பழக்கம். தாம் அனுப்பும் படக்குறிப்பின் பொருளைப் பத்திரிகைகள் மாற்றக் கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பானவர். இவ்வளவு பெரிய கலைஞர், யார், எங்கே, எப்போது என்று எழுத அலுத்துக்கொள்ளவில்லை.

சரி, மணி அடித்த அண்ணனுக்கு வருகிறேன்.

அன்று நடந்தது எனக்குப் பிறகுதான் முழுதாக நினைவுக்கு வந்தது. பெஞ்சு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பதினைந்து பேர் ஏறினால் சாயும் என்று போட்டோகிராபர் பயந்தார். "யாராவது ஓரத்துல புடிங்கப்பா" என்றதும், மணி அடித்துவிட்டு அந்தப் பக்கம் வந்த அண்ணன் ஓடி வந்து பிடித்தார். பெஞ்சின் மேல் நின்ற யாரோ ஒருவன், "அண்ணே, குனியாதீங்க. நீங்களும் நிமிந்து நில்லுங்க" என்று கத்தினான். அவர் ஒரு கையால் பெஞ்சைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். அந்த நொடியில் படம் எடுத்தாகிவிட்டது. பட்டியல் எழுதுகிறவன் மாணவர் பதிவேட்டை வைத்துத்தான் எழுதினான். பதிவேட்டில் இல்லாத பெயர் பட்டியலில் வரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அந்தப் பட்டியலை எழுதியவன் யார் என்று கேட்டால், நான்தான்.

அதன் பிறகு மற்ற செட்களின் படங்களையும் ஓரங்களில் மட்டும் திருப்பிப் பார்த்தேன். இப்படியே இன்னும் நான்கு படங்களில் ஓரத்தில் ஒரு ஆள். ஆய்வுக்கூட உதவியாளர், நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தருபவர், தோட்டக்காரர். எண்ணிக்கையில் தலை ஒன்று அதிகம், பெயர் ஒன்று குறைவு. இருவரின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு பேர் இன்னும் பாக்கி. கண்காட்சி அறையில் அந்தப் படங்களுக்குக் கீழே பென்சிலும் தாளும் வைத்திருக்கிறோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

எங்கள் அண்ணன் ஊரில்தான் இருக்கிறார். கேட்காமல் பெயரை மலரில் போடுவது முறையல்ல என்று இங்கே எழுதவில்லை. ஆனால் பெயரைத் தட்டச்சு செய்து, அட்டையின் பழுப்பு நிறத்துக்கே ஒத்த ஒரு சீட்டை ஒட்டி, பதினாறாவது இடத்தில் சேர்த்துவிட்டோம். போன வாரம் அட்டையை எடுத்துக்கொண்டு நானும் இரண்டு அண்ணாமலைகளும் அவர் வீட்டுக்குப் போனோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். முதலில் தன்னைப் பார்க்கவில்லை. "இவன் ஓட்டல் வெச்சான் இல்ல? இந்தப் பொண்ணு டீச்சர் ஆச்சா?" என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியாக ஓரத்தில் விரலை நிறுத்தினார்.

"நான் பெஞ்சைப் புடிக்கத்தானேப்பா வந்தேன்" என்றார்.

"அது தெரியும்ணே. நீங்க விட்டிருந்தா போட்டோவே இருந்திருக்காது" என்றான் ஒரு அண்ணாமலை.

அவர் சிரித்துவிட்டு, சீட்டில் இருந்த தன் பெயரைப் படித்தார். தலைப்பெழுத்து தப்பு என்றார். திருத்தி ஒட்டிவிட்டோம்.